மார்ச்சை மறக்க உதவும் பதிவு

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் வாரக்கூலி. திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் வேலைக்கான பணம் அன்றைக்குக் கைக்கு வந்துவிடும். கணக்குப் பிள்ளைக்கும் இது சுலபமான வேலைதான்: கூலிக் கணக்கில் பற்று, ரொக்கக் கணக்கில் வரவு, ஒரே பதிவு. வருடத்தில் ஐம்பத்தோரு வாரம் இப்படியே ஓடிவிடும். மார்ச் 31 குறுக்கே விழுகிற அந்த ஒரு வாரம்தான் படுத்தும்.

ஒரு சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்வோம். இருபது பேர், ஆளுக்கு நாள் கூலி 600 ரூபாய். ஆக ஒரு நாளைக்கு 12,000, வாரத்துக்கு 72,000. 2022-இல் மார்ச் 31 வியாழக்கிழமை வந்தது. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் உழைப்பு பழைய நிதியாண்டைச் சேர்ந்தது, வெள்ளியும் சனியும் புதிய ஆண்டைச் சேர்ந்தவை. பணம் கைமாறியது ஏப்ரல் 2, சனிக்கிழமை. பணம் எந்தத் தேதியில் போனது என்று மட்டும் பார்த்தால் 72,000-உம் புதிய ஆண்டின் செலவு. ஆனால் உழைப்பு நடந்தது எப்போது என்பதுதான் கணக்கியலின் கேள்வி. அப்படிப் பார்த்தால் 48,000 பழைய ஆண்டுக்கு, 24,000 புதிய ஆண்டுக்கு.

அதனால் மார்ச் 31 தேதியிட்டு ஒரு சரிக்கட்டுப் பதிவு போடுகிறார்கள். கூலிக் கணக்கில் 48,000 பற்று, ‘கொடுபட வேண்டிய கூலி’ என்ற கணக்கில் 48,000 வரவு. முதலாவது செலவு, அது இலாப நட்டக் கணக்குக்குப் போய் அங்கேயே கரைந்துவிடும். ஏப்ரல் 1 காலையில் கூலிக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டாவது கடன், ஆண்டு மாறியதால் கடன் கரைவதில்லை. 48,000 என்ற பாக்கி இருப்புநிலைக் குறிப்பில் ஏறிப் புதிய ஆண்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சனிக்கிழமை 72,000 கொடுக்கும்போது எதில் பற்று வைப்பது? சரியான விடை: 48,000-ஐக் கொடுபட வேண்டிய கூலியில் வைத்துப் பழைய கடனைத் தீர்க்க வேண்டும், மீதி 24,000-ஐக் கூலிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒரே வவுச்சரில் இரண்டு பற்று. கணக்கு தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த வவுச்சரைப் போடுபவர் பெரும்பாலும் அவர் அல்ல. ஐம்பத்தோரு வாரம் ‘கூலி 72,000’ என்று தட்டிப் பழகிய பையன். ஐம்பத்திரண்டாவது வாரமும் அப்படித்தான் தட்டுவான்.

தட்டினால் என்ன ஆகும்? பழைய ஆண்டில் ஒருமுறை செலவெழுதிய 48,000 புதிய ஆண்டில் இன்னொருமுறை செலவாகும். கொடுத்துத் தீர்த்த கடன், தீராத கடனாக ஏட்டில் நின்றுகொண்டே இருக்கும்.

இதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடுதான் எதிர்ப்பதிவு. ஆடிட்டர் ஆபீஸ் பேச்சில் ‘ரிவர்ஸ் என்ட்ரி’. ஏப்ரல் 1 தேதியிட்டு, மார்ச் 31-இல் போட்டதை அப்படியே திருப்பிப் போடுவது: கொடுபட வேண்டிய கூலியில் 48,000 பற்று, கூலிக் கணக்கில் 48,000 வரவு. கடன் கணக்கு பூஜ்யமாகிவிடும். கூலிக் கணக்கு விசித்திரமாக 48,000 வரவு இருப்போடு நிற்கும். சனிக்கிழமை பையன் வழக்கம்போல 72,000 பற்று தட்டுவான். எழுபத்திரண்டில் நாற்பத்தெட்டு போக 24,000 பற்று. புதிய ஆண்டில் நிற்க வேண்டிய தொகை அதேதான். பையனுக்கு மார்ச் 31 பற்றி எதுவுமே தெரிய வேண்டியதில்லை.

நடுவில் அந்த இரண்டு நாள் கூலிக் கணக்கு வரவில் நிற்பதைப் பார்த்துப் பதறியவர்களை எனக்குத் தெரியும். ஆடிட்டர் ஆபீஸில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு முதலாளி போன் போட்டார்: “என்னங்க இது, கூலிக் கணக்கு வரவுல நிக்குது? ஆளுங்க நமக்குக் கூலி குடுத்தாங்களாக்கும்?” சிரிப்பாக இருந்தாலும் கேள்வி நியாயமானது. செலவுக் கணக்கு வரவில் நிற்பது இயல்பல்ல. இங்கே அது, வரப்போகும் 72,000-இல் 48,000 உன்னுடையதல்ல என்று முன்கூட்டியே போட்டு வைத்த கழிவு. சனிக்கிழமை அந்தக் கழிவு வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

இனி நேர்மையாக எண்ணிப் பார்ப்போம். எதிர்ப்பதிவு போட்டால் ஏப்ரலில் இரண்டு பதிவு. போடாமல் விட்டால் இரண்டு பற்று கொண்ட ஒரே வவுச்சர். அப்படியானால் இதில் எங்கே உழைப்பு மிச்சம்? அமெரிக்கப் பாடநூல்கள் எதிர்ப்பதிவைக் கணக்கியல் சுழற்சியின் கடைசியில் வைத்து, ‘விருப்பமிருந்தால் செய்யலாம்’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். போட்டாலும் போடாவிட்டாலும், தவறில்லாமல் செய்தால், முடிவு ஒன்றே. ஒரே ஆள், ஒரே ஒரு பாக்கி, இரண்டே நாள் இடைவெளி என்றால் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை என்பதே என் கட்சி. மிச்சமாவது பதிவுகளின் எண்ணிக்கை அல்ல, ஞாபகம். பணம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ‘இதில் போன வருடத்துப் பங்கு ஏதாவது இருக்கிறதா’ என்று பழைய பட்டியலைப் புரட்டும் வேலை இல்லாமல் போகிறது. பாக்கி ஒன்றல்ல, பதினைந்து என்று வையுங்கள்: கூலி, வாடகை, லாரி வாடகை, தையல் ஜாப் ஒர்க், மின்சாரம், தொலைபேசி. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில், ஒவ்வொரு ஆள் கையால் பணமாகும். ஏப்ரல் 1-க்கு ஒரே உட்காரலில் பதினைந்தையும் திருப்பிவிட்டால், அதன்பிறகு யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மார்ச் 31 தேதியிட்ட பதிவுகளை நம்மில் எத்தனை பேர் மார்ச் 31 அன்றே போடுகிறோம்? சிறு நிறுவனங்களின் கணக்கு ஆடிட்டர் கைக்குப் போவதே ஜூலை, ஆகஸ்டில். வருமானவரித் தணிக்கை அறிக்கைக்கான வழக்கமான கெடு செப்டம்பர் 30. கெடு நெருங்கும்போதுதான் ‘இந்த இந்த புரொவிஷனை மார்ச் 31-இல் போடுங்கள்’ என்று பட்டியல் வரும். அதற்குள் ஏப்ரல் 2-இன் கூலி வவுச்சர் ஏறி ஐந்து மாதம் ஆகியிருக்கும், 72,000-உம் முழுதாகக் கூலிக் கணக்கில். இப்போது 48,000 புரொவிஷனை மட்டும் பின்தேதியிட்டுப் போட்டால் அந்தத் தொகை இரண்டு ஆண்டிலும் செலவாகிவிடும். ஏப்ரல் வவுச்சரைத் திறந்து உடைத்து எழுதலாம். ஆனால் பதினைந்து பாக்கிக்குப் பதினைந்து பழைய வவுச்சரைத் தேட வேண்டும். அதிலும் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனமாக இருந்தால், திருத்தத்தின் தடம் அழியாத மென்பொருளில்தான் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு திருத்தமும் யார் செய்தது, என்றைக்குச் செய்தது என்று தேதியோடு நிற்கும். திருத்துவது குற்றமில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வைத்திருக்க வேண்டும். ஏப்ரல் 1 தேதியிட்டு எதிர்ப்பதிவுகளைப் போட்டுவிட்டால் பழைய வவுச்சர் எதையும் தொட வேண்டியதில்லை. பணம் ஏற்கெனவே போயிருந்தாலும் சரி, இனிமேல் போவதாக இருந்தாலும் சரி, விடை ஒன்றாகவே வரும். செப்டம்பரில் மூச்சுத் திணறும் கணக்குப் பிள்ளைக்கு எதிர்ப்பதிவின் உண்மையான உபகாரம் இதுதான் என்பேன்.

இன்னொரு இடமும் உண்டு. கூலியில் தொகை துல்லியமாகத் தெரியும், மின்கட்டணத்தில் தெரியாது. பிப்ரவரி நடுவில் ரீடிங் எடுத்தார்கள், அடுத்த ரீடிங் ஏப்ரல் நடுவில் என்று வையுங்கள். மார்ச் 31 வரைக்கும் ஒன்றரை மாதத்துக்கு உத்தேசமாக 28,000 என்று பாக்கி காட்டுகிறோம். ஏப்ரலில் வந்த பில் இரண்டு மாதத்துக்கு 43,000. எதிர்ப்பதிவு போட்டிருந்தால் மின்சாரக் கணக்கு 28,000 வரவோடு காத்திருக்கும். பில்லை முழுதாகப் பற்று வைத்ததும் 15,000 புதிய ஆண்டுச் செலவாக நிற்கும். நாளைக் கணக்கிட்டுப் பிரித்தால் பதினோராயிரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரவேண்டும். உத்தேசத்தில் குறைத்துப் போட்ட நாலாயிரத்துச் சொச்சம் தானாகவே புதிய ஆண்டில் விழுந்துவிட்டது. உத்தேசம் நல்லெண்ணத்தோடு போட்டதாக இருந்து, வித்தியாசமும் சின்னதாக இருந்தால், அது விழ வேண்டிய இடம் அதுதான்.

எதிர்ப்பதிவு இல்லாத ஏட்டில் நடப்பது வேறு. ஆலை இரண்டு வாரம் ஓடாமல் பில் 26,000-ஆகவே வந்தது என்றால், 28,000 பாக்கியில் 26,000 தீர்ந்து 2,000 மிஞ்சும். அது யாருக்கும் கொடுக்க வேண்டிய பணமல்ல, ஆனாலும் கடன் பட்டியலில் நிற்கும். இப்படி அங்கே 2,000, இங்கே 640 என்று உரிமையாளர் இல்லாத பாக்கிகள் வருடக்கணக்காகத் தேங்கிய ஏடுகளைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பதிவு போடும் ஏட்டில் இந்தக் குப்பை சேராது.

அப்படியானால் மார்ச் 31-இல் போட்டதையெல்லாம் ஏப்ரல் 1-இல் திருப்பிவிடலாமா? கூடவே கூடாது. தேய்மானத்தைத் திருப்பினால் பழைய தையல் இயந்திரம் ஒரே இரவில் புதிதாகிவிடும். வாராக்கடனுக்காக ஒதுக்கியதைத் திருப்பினால் வராத பணம் வந்துவிட்டதாக ஆகும். இவை அடுத்த மாதம் பில்லாகவோ ரொக்கமாகவோ வந்து முடியப் போகிறவை அல்ல. எதிர்ப்பதிவு, பின்னால் ஒரு பணப் பரிமாற்றம் வந்து தொட்டு முடிக்கும் பதிவுகளுக்கு மட்டும்.

இதில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் நுட்பமானது. அனுபவசாலிகளும் இங்கே வழுக்குவார்கள். அக்டோபர் 1-இல் ஓராண்டு பிரீமியம் 36,000 கட்டினீர்கள். மார்ச் 31 வரை ஆறு மாதம், 18,000 கழிந்தது. அடுத்த ஆறு மாதத்துக்கான 18,000 முன்கூட்டிச் செலுத்தியது. பெரும்பாலானவர்கள் கட்டும்போதே 36,000-ஐயும் செலவில் எழுதிவிடுவார்கள். அப்போது மார்ச் 31-இல் 18,000-ஐச் செலவிலிருந்து எடுத்து ‘முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு’ என்ற சொத்தாக்குவோம். ஏப்ரல் 1-இல் அதைத் திருப்பினால் 18,000 புதிய ஆண்டின் செலவில் ஏறும். சரி. ஆனால் சிலர் கட்டும் அன்றே 36,000-ஐயும் சொத்தாக எழுதுவார்கள்; மார்ச் 31-இல் கழிந்த 18,000-ஐச் செலவுக்குத் தள்ளுவார்கள். இதைத் திருப்பினால், தீர்ந்துபோன ஆறு மாதம் மறுபடி சொத்தாக உயிர்த்தெழும். அபத்தம்.

இரண்டையும் பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான். மார்ச் 31 பதிவு புதிதாக ஒரு சொத்தையோ கடனையோ உண்டாக்கியதா, அல்லது ஏற்கெனவே இருந்ததைக் குறைத்ததா? உண்டாக்கியது என்றால் திருப்பலாம். குறைத்தது என்றால் தொடாதே.

திருப்பலாம் என்ற வகையிலும் ஒரு சங்கடம் உண்டு. முதலாளி மாதாமாதம் லாபம் பார்ப்பவராக இருந்தால், ஆறு மாதத்துக்கான 18,000-உம் ஏப்ரல் மாதத்தின் தலையில் மொத்தமாக விழும். ஏப்ரல் நட்டமாகத் தெரியும், மே முதல் செப்டம்பர் வரை இன்ஷூரன்ஸே இல்லாததுபோலத் தெரியும். அவருக்கு மாதம் 3,000 வீதம் கழித்து வருவதே நல்லது. கடன் பக்கத்திலும் இதே கதை: பில் வர ஆறு மாதமாகும் என்று தெரிந்த பாக்கியை ஏப்ரல் 1-இல் திருப்பினால், அதுவரை எடுக்கும் ஒவ்வொரு மாத அறிக்கையிலும் செலவு குறைந்தும் கடன் காணாமலும் இருக்கும். எதிர்ப்பதிவுக்கு ஏற்றவை, புதிய ஆண்டின் முதல் சில வாரங்களில் பணமாகிவிடும் பாக்கிகள்.

டி.டி.எஸ். பிடிக்க வேண்டிய பாக்கிகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நம் வருமானவரிச் சட்டத்தில், பணம் கொடுப்பது, ஏட்டில் பாக்கியாக வரவு வைப்பது, இரண்டில் எது முதலில் நடக்கிறதோ அப்போதே வரியைப் பிடிக்க வேண்டும். மார்ச் 31-இல் ஆடிட்டர் கட்டணம் 60,000 என்று அவர் பெயரில் பாக்கி வைத்தால், அதற்குரிய 10 சதவீதம், 6,000 ரூபாயைப் பிடித்து ஏப்ரல் 30-க்குள் கட்டிவிட வேண்டும். இந்தப் பாக்கியையும் மற்றவற்றோடு சேர்த்துத் திருப்பிவிட்டால் என்ன நடக்கும்? பில் வரும்போது ஆபீஸ் பையன் 60,000-ஐப் புதிய பில்லாக ஏற்றுவான். மென்பொருள் மறுபடி 6,000 பிடிக்கும். ஒரே பில்லுக்கு இரண்டு முறை வரி. இத்தகைய பாக்கிகளைத் திருப்பாமல் அந்த ஆளின் பெயரிலேயே வைத்திருந்து, பில் வந்ததும் நேர்செய்வதுதான் நிம்மதி.

இனி டேலி. டேலியில் Reversing Journal என்றே ஒரு வவுச்சர் வகை இருக்கிறது. அதில் Applicable Upto என்று ஒரு தேதி கேட்கும். பெயரைப் பார்த்தால் நாம் இவ்வளவு நேரம் பேசியது இதைத்தானே என்று தோன்றும். இல்லை. அதில் போடும் பதிவு உண்மைக் கணக்கில் ஏறவே ஏறாது. வருட நடுவில் ‘இந்தச் செலவையெல்லாம் சேர்த்தால் லாபம் எவ்வளவு இருக்கும்’ என்று ஒத்திகை பார்ப்பதற்கான தற்காலிகப் பதிவு அது. அதற்கென Scenario ஒன்றை அமைத்துப் பார்த்தால்தான் அறிக்கையில் தெரியும். குறிப்பிட்ட தேதி தாண்டினால் அங்கிருந்தும் விலகிவிடும். மார்ச் 31 புரொவிஷன்களை இதில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துபோனவர்கள் உண்டு. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பாக்கியும் வந்திருக்காது. டேலியில் நமக்கு வேண்டியது இரண்டு சாதாரண Journal: ஒன்று மார்ச் 31 தேதியில், மற்றது ஏப்ரல் 1 தேதியில். Day Book-இல் முதல் பதிவின்மேல் நின்று Alt+2 அழுத்தினால் நகல் வரும். தேதியை மாற்றிப் பற்று வரவைத் திருப்பினால் போதும். தேதியை மாற்ற மறந்தால், எதிர்ப்பதிவும் மார்ச் 31-இலேயே விழுந்து முதல் பதிவை விழுங்கிவிடும். விவரக் குறிப்பில் ‘31-3 பதிவு எண் இன்னதன் எதிர்ப்பதிவு’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கூலிக் கணக்கு வரவில் நிற்கிறதே என்று யார் கேட்டாலும் விடை அங்கேயே இருக்கும்.

எல்லாம் ஒழுங்காக நடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மே மாதம் ஏதாவதொரு நாளில் இருப்பாய்வைத் திறந்து, கொடுபட வேண்டிய கூலியைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் சரி. பற்றில் 48,000 நின்றால், ஏப்ரல் 1-இல் எதிர்ப்பதிவும் போட்டு, சனிக்கிழமை வவுச்சரில் கணக்கு தெரிந்த யாரோ கடனையும் தனியே தீர்த்திருக்கிறார்கள். இரண்டு மருந்தையும் ஒன்றாகக் குடித்த கதை. கூலிச் செலவு 48,000 குறைந்திருக்கும். வரவில் 48,000 நின்றால், இரண்டில் எதுவுமே நடக்கவில்லை. செலவு அதே அளவுக்குக் கூடியிருக்கும். மே மாதம் பார்க்காமல் விட்டால் அடுத்த மார்ச்சில் இதன்மேலேயே புது பாக்கியும் ஏறிவிடும்; பிறகு எது எந்த வருடத்தது என்று பிரிப்பதே தனி வேலையாகிவிடும். ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை, இருப்புநிலைக் குறிப்பில் போன வருடத் தொகையையும் இந்த வருடத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வாரக்கூலி கொடுக்கிற இடத்தில் இரண்டு வருடமும் ஒரே 48,000 நின்றால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏப்ரல் மாத வவுச்சர் கட்டைத்தான் எடுக்கச் சொல்வார்கள்.